ஐபோனில் சேமித்த வைஃபை கடவுச்சொல்லைப் பார்த்தல்

ஐபோன் ஒரு வைஃபையில் முதன்முறை இணையும்போது நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் அந்தக் கருவியிலேயே சேமிக்கப்படுகிறது. அதன் பிறகு அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் ஐபோன் தானாகவே இணைந்துகொள்ளும். இதனால் சில மாதங்களில் கடவுச்சொல் நமக்கு மறந்துவிடும். ஐபோனுக்கு மட்டும் நினைவிருக்கும். புதிதாக ஒரு மடிக்கணினி வாங்கினாலோ, வீட்டுக்கு விருந்தினர் வந்தாலோ, அச்சுப்பொறியை இணைக்க வேண்டியிருந்தாலோ அந்தக் கடவுச்சொல் மீண்டும் தேவைப்படுகிறது.

ஐபோனின் அமைப்புகள் பகுதியில் இந்தக் கடவுச்சொல்லைப் பார்க்க முடியும். ஆனால் அதைக் காட்டுவதற்கு முன் ஐபோன் முகத்தையோ, விரல் ரேகையையோ, பாஸ்கோடையோ கேட்கும். கடவுச்சொல்லைப் பார்க்கும் முறையையும், இந்தச் சரிபார்ப்பு எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிப்பதில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

## எந்த ஐபோன்களில் பார்க்கலாம்

இந்த வசதி ஐஓஎஸ் 16 பதிப்பில் அறிமுகமானது. அது 2022 செப்டம்பரில் வெளிவந்தது. ஐபோன் 8, ஐபோன் 10 எனப்படும் ஐபோன் எக்ஸ், அவற்றுக்குப் பின் வந்த ஐபோன்கள் ஆகியவற்றில் ஐஓஎஸ் 16-ஐ நிறுவலாம். ஐபோன் 7, ஐபோன் 6எஸ், முதல் தலைமுறை ஐபோன் எஸ்இ ஆகியவை ஐஓஎஸ் 15-உடன் நின்றுவிட்டதால், அவற்றின் அமைப்புகளில் கடவுச்சொல்லைப் பார்க்கும் வரி இருக்காது.

உங்கள் ஐபோனில் எந்தப் பதிப்பு உள்ளது என்று அறிய Settings செயலியைத் திறந்து, General என்பதையும் அதற்குள் About என்பதையும் தொடுங்கள். அங்கே iOS Version என்ற வரியில் எண் இருக்கும். அது 16 அல்லது அதற்கு மேல் என்றால் கீழே உள்ள படிகளைப் பின்பற்றலாம்.

## இணைந்திருக்கும் வைஃபையின் கடவுச்சொல்

உங்கள் ஐபோன் இப்போது வீட்டு வைஃபையில் இணைந்திருக்கிறது என்று கொள்வோம். அதன் கடவுச்சொல்லைப் பார்க்க:

1. Settings செயலியைத் திறந்து Wi-Fi என்பதைத் தொடுங்கள்.
2. இணைந்துள்ள வைஃபையின் பெயருக்கு இடப்பக்கம் நீல நிறச் சரிக்குறி இருக்கும். அதே வரியின் வலக்கோடியில், வட்டத்துக்குள் i என்ற எழுத்து இருக்கும். அந்த வட்டத்தைத் தொடுங்கள்.
3. திறக்கும் பக்கத்தில் Password என்ற வரி இருக்கும். அதில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் புள்ளிகள் மட்டும் தெரியும். அந்த வரியைத் தொடுங்கள்.
4. ஐபோன் உங்கள் முகத்தை அல்லது விரல் ரேகையைச் சரிபார்க்கும். அது பொருந்தாவிட்டால் பாஸ்கோடைக் கேட்கும்.
5. சரிபார்ப்பு முடிந்ததும் புள்ளிகள் மறைந்து கடவுச்சொல் தெரியும். கூடவே Copy என்ற பொத்தானும் வரும். அதைத் தொட்டால் கடவுச்சொல் நகலெடுக்கப்படும்.

இரண்டாம் படியில் வைஃபையின் பெயரைத் தொடாமல் வட்டத்தை மட்டும் தொட வேண்டும். மூன்றாம் படியில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. அந்தப் பக்கத்தின் மேற்பகுதியில் Forget This Network என்ற வரியும் இருக்கும். கடவுச்சொல் மறந்துவிட்டதே என்று தேடி வருபவர்கள் Forget என்ற சொல்லைப் பார்த்ததும் அதையே தொட்டுவிட வாய்ப்பு உண்டு. அந்த வரி செய்வது நேர் எதிரான வேலை: சேமித்த கடவுச்சொல்லை அது அழித்துவிடும். உடனே அழிக்காமல் ஒருமுறை உறுதி கேட்கும். அப்போது Cancel என்பதைத் தொட்டுத் தப்பிக்கலாம். ஐகிளவுட் சாவிக்கொத்து இயங்கினால், அதே ஆப்பிள் கணக்கில் உள்ள மற்றக் கருவிகளும் அந்த வைஃபையில் இணைவதை நிறுத்திவிடும். கடவுச்சொல் உங்களிடம் வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை என்றால் அதை மீட்க எளிய வழி இருக்காது.

## அருகில் இல்லாத வைஃபையின் கடவுச்சொல்

விடுதியில் இருக்கும் மாணவர் ஒருவர் ஊரில் உள்ள வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வைஃபையின் பெயர் விடுதியில் தோன்றாது. ஆனால் கடவுச்சொல் ஐபோனுக்குள் இருப்பதால் ரூட்டரின் அருகில் போகத் தேவையில்லை.

Settings செயலியில் Wi-Fi பக்கத்தைத் திறந்தால், மேல் வலது மூலையில் Edit என்ற சொல் இருக்கும். அதைத் தொட்டதும் ஐபோன் அடையாளத்தைச் சரிபார்க்கும். பின்னர் Known Networks என்ற தலைப்பின் கீழ், இதுவரை இணைந்து சேமித்த வைஃபைகள் எல்லாம் பட்டியலாக வரும். வேண்டிய பெயருக்கு எதிரே உள்ள வட்டத்தைத் தொட்டு, முன்போலவே Password வரியைத் தொடலாம்.

இங்கே சரிபார்ப்பு கொஞ்சம் முன்னதாகவே வருகிறது என்பதைக் கவனிக்கலாம். முன்பு கண்ட முறையில் கடவுச்சொல்லுக்கு மட்டும்தான் பூட்டு. இங்கே பட்டியலுக்கே பூட்டு இருக்கிறது. காரணம் எளிது. ஒருவர் எந்தெந்த வைஃபைகளில் இணைந்தார் என்ற பட்டியலே அவர் எங்கெல்லாம் போனார் என்பதைச் சொல்லிவிடும். மருத்துவமனை, தங்கும் விடுதி, நண்பரின் வீடு ஆகியவற்றின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும்.

இந்தப் பட்டியலில் உங்கள் ஐபோன் ஒருமுறைகூட இணையாத பெயர்களும் இருக்கலாம். ஐகிளவுட் சாவிக்கொத்து இயங்கும்போது, அதே ஆப்பிள் கணக்கில் உள்ள ஐபேடோ மேக் கணினியோ சேமித்த வைஃபைகளும் இங்கே வந்து சேரும்.

ஐஓஎஸ் 18 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள ஐபோன்களில் Passwords என்ற தனிச்செயலியும் உண்டு. அதைத் திறக்கவும் இதே சரிபார்ப்பு தேவை. அதில் Wi-Fi என்ற பிரிவுக்குள் போனால் சேமித்த வைஃபைகளைக் காணலாம். அங்கே உள்ள Show Network QR Code என்பதைத் தொட்டால் ஒரு கியூஆர் குறியீடு திரையில் வரும். மற்றொரு கைப்பேசியின் கேமராவால் அதைப் பார்த்தால், எதையும் தட்டச்சு செய்யாமலேயே அந்தக் கைப்பேசி இணைந்துகொள்ளும்.

## ஐபோன் கேட்கும் அடையாளச் சரிபார்ப்பு

ஃபேஸ் ஐடி உள்ள ஐபோன்களில் முகத்தையும், முகப்புப் பொத்தான் உள்ள ஐபோன்களில் டச் ஐடி வழியாக விரல் ரேகையையும் ஐபோன் கேட்கிறது. ஃபேஸ் ஐடியில் நாம் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதனால் சிலர் ஐபோன் எதையும் கேட்காமலேயே கடவுச்சொல்லைக் காட்டிவிட்டது என்று நினைப்பதுண்டு. திரையை மற்றவர் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு Password வரியைத் தொட்டுப் பார்த்தால், சரிபார்ப்பு நடப்பது தெரிந்துவிடும்.

இந்தச் சரிபார்ப்பு கருவிக்குள்ளேயே நடக்கிறது. முகத்தின் அல்லது விரலின் கணித வடிவம், செக்யூர் என்கிளேவ் எனப்படும் தனிப் பாதுகாப்புப் பகுதியில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தரவு கருவியை விட்டு வெளியே போவதில்லை. எனவே இணையம் இல்லாதபோதும் கடவுச்சொல்லைப் பார்க்க முடியும். ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லையோ, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எண்ணையோ ஐபோன் இங்கே கேட்பதில்லை. வைஃபையின் உரிமையாளர் யார் என்றும் கேட்பதில்லை.

அப்படியானால் அது எதைத்தான் சோதிக்கிறது? இப்போது முன்னே இருக்கும் முகமோ விரலோ இந்த ஐபோனில் பதிவு செய்யப்பட்டதா என்பதை மட்டும் சோதிக்கிறது. டச் ஐடியில் 5 விரல்கள் வரை பதியலாம். அவை ஒரே ஆளுடையவையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபேஸ் ஐடியில் இரண்டாவது தோற்றம் ஒன்றையும் சேர்க்கலாம். அப்பாவின் ஐபோனில் விளையாடுவதற்காக மகனின் விரலும் பதியப்பட்டிருந்தால், கடவுச்சொல்லைப் பார்க்க மகனின் விரலும் போதும். ஐபோனுக்கு இருவரும் ஒன்றே.

## முகமோ விரலோ பொருந்தாதபோது

ஈரக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் டச் ஐடிக்கு ஆகாது. கண்ணை மூடியிருந்தாலோ, முகம் திரைக்கு நேராக இல்லாவிட்டாலோ ஃபேஸ் ஐடி பொருந்தாமல் போகும். முகக்கவசம் அணிந்தபடியே சரிபார்க்கும் வசதி ஐபோன் 12-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் உண்டு. ஆனால் அதை Settings செயலியில் முன்பே இயக்கியிருக்க வேண்டும்.

முகமோ விரலோ பொருந்தாதபோது ஐபோன் பாஸ்கோடைக் கேட்கும். 5 முறை தொடர்ந்து பொருந்தாவிட்டால் முகத்தையும் விரலையும் ஏற்காமல் பாஸ்கோடை மட்டுமே ஏற்கும். பாஸ்கோடு என்பது ஐபோனின் பூட்டைத் திறக்க நாம் இடும் அதே எண். வைஃபைக்கென்று தனியாக எதுவும் கிடையாது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை விளங்குகிறது. டச் ஐடியில் ஒரே விரலைப் பதிந்திருந்தால், முன்பின் அறியாத ஒருவரின் விரல் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 50,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்றும், ஃபேஸ் ஐடியில் அது 10 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றும் ஆப்பிள் கூறுகிறது. ஆனால் பாஸ்கோடு தெரிந்தவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. அவர் தன் முகத்தைக் காட்டித் தோற்றுவிட்டு, பிறகு பாஸ்கோடை இட்டு உள்ளே போய்விடலாம். முகமும் விரலும் நமக்கு வசதியைத் தருகின்றன. உண்மையான சாவி பாஸ்கோடுதான். 4 இலக்கப் பாஸ்கோடில் 10,000 சேர்க்கைகளே உள்ளன. 6 இலக்கத்தில் 10 லட்சம் உள்ளன. பிறந்த ஆண்டையோ 1234 என்ற எண்ணையோ வைத்திருந்தால் இந்த எண்ணிக்கைக்கும் பொருள் இல்லை.

## இணைவதற்குக் கேட்காத ஐபோன் பார்ப்பதற்கு ஏன் கேட்கிறது

ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் நுழைந்ததும் ஐபோன் தானாக வைஃபையில் இணைகிறது. அப்போது அது நம் முகத்தைக் கேட்பதில்லை. சட்டைப்பைக்குள் பூட்டிக் கிடக்கும்போதும் இணைகிறது. அதே கடவுச்சொல்லை நாம் பார்க்க நினைத்தால் மட்டும் அடையாளம் கேட்கிறது. இது முரண்பாடு போலத் தோன்றலாம்.

வைஃபை கடவுச்சொற்கள் சாவிக்கொத்து எனப்படும் மறையாக்கம் செய்யப்பட்ட சேமிப்பிடத்தில் வைக்கப்படுகின்றன. அதில் உள்ள ஒவ்வொன்றையும் எப்போது எடுக்கலாம் என்று ஒரு விதி உண்டு. வைஃபை கடவுச்சொற்களுக்கான விதி, ஐபோனை இயக்கிய பின் ஒருமுறையாவது பூட்டு திறக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. அந்த ஒருமுறை முடிந்த பிறகு, திரை பூட்டியிருந்தாலும் ஐபோனின் இயக்கமுறைமை கடவுச்சொல்லை எடுத்துப் பயன்படுத்தலாம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் வைஃபை எல்லைக்குள் ஐபோனை முழுவதும் அணைத்து மீண்டும் இயக்குங்கள். பாஸ்கோடை இடாமல் சில நிமிடங்கள் அப்படியே விடுங்கள். திரையின் மேல் வைஃபை குறி தோன்றாது. சிம் அட்டையின் இணைப்பு மட்டும் இருக்கும். பாஸ்கோடை இட்டதும் சில நொடிகளில் வைஃபை குறி வந்துவிடும். பாஸ்கோடு இடப்படும் வரை கடவுச்சொல்லைத் திறக்கும் சாவி ஐபோனிடமே இல்லை என்பதே இதன் காரணம்.

பார்ப்பது வேறு செயல். ஐபோன் கடவுச்சொல்லைப் பயன்படுத்தும்போது அது கருவிக்குள்ளேயே இருக்கிறது. திரையில் காட்டும்போது அது ஒரு மனிதரின் கைக்குப் போகிறது. அவர் அதை எழுதிக்கொள்ளலாம், நாளை வேறொரு கருவியில் இடலாம். அழைக்க வேண்டும் என்று கேட்டுவாங்கிய ஐபோனில் ஒருவர் அரை நிமிடத்தில் அமைப்புகளுக்குள் போய் இதைச் செய்துவிட முடியும். பூட்டு திறந்த ஐபோன் ஒருவர் கையில் இருக்கிறது என்பதால் அவர்தான் உரிமையாளர் என்று கொள்ள முடியாது. அதனால்தான் இங்கே இரண்டாவது முறையாகச் சரிபார்ப்பு வருகிறது.

## ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வீட்டில் ரூட்டரை அமைத்தபோது மகள்தான் கடவுச்சொல்லை வைத்தார். இப்போது அவர் வேலைக்காக வெளியூரில் இருக்கிறார். வீட்டில் அம்மாவிடம் முகப்புப் பொத்தான் உள்ள இரண்டாம் தலைமுறை ஐபோன் எஸ்இ இருக்கிறது; அதில் ஐஓஎஸ் 17 உள்ளது. தம்பிக்குக் கல்லூரியில் சேர்ந்ததும் விண்டோஸ் மடிக்கணினி வாங்குகிறார்கள். அது வைஃபையில் இணைய network security key என்று கேட்கிறது. விண்டோஸ் அப்படிக் கேட்பதும் வைஃபை கடவுச்சொல்லைத்தான்.

தம்பி அம்மாவின் ஐபோனை வாங்கி, Settings செயலியில் Wi-Fi பக்கத்தைத் திறந்து, வீட்டு வைஃபைக்கு எதிரே உள்ள வட்டத்தைத் தொட்டு, Password வரியைத் தொடுகிறான். விரல் ரேகை கேட்கிறது. அம்மா சமையலறையிலிருந்து வந்து விரலை வைக்கிறார். கை ஈரமாக இருப்பதால் இரண்டு முறையும் பொருந்தவில்லை. பிறகு அம்மா பாஸ்கோடை இடுகிறார். கடவுச்சொல் தெரிகிறது:

```
Veedu0lI25
```

தம்பி அதைப் பார்த்து மடிக்கணினியில் தட்டச்சு செய்கிறான். இணையவில்லை. மீண்டும் செய்கிறான், அப்போதும் இணையவில்லை. கடவுச்சொல் தவறு என்றால் அம்மாவின் ஐபோன் எப்படி இணைந்திருக்கிறது? எனவே கடவுச்சொல் சரிதான். படித்ததில்தான் பிழை இருக்க வேண்டும். இந்தக் கடவுச்சொல்லின் நடுவில் சுழியமா ஆங்கில ஓ எழுத்தா என்று ஓர் ஐயம். அடுத்து வருபவை சிறிய எல் எழுத்தா, பெரிய ஐ எழுத்தா, எண் ஒன்றா என்று மற்றோர் ஐயம்.

இதற்கு ஐபோனிலேயே வழி உண்டு. Copy பொத்தானைத் தொட்டுக் கடவுச்சொல்லை நகலெடுத்து, Notes செயலியில் ஒரு புதிய குறிப்பில் ஒட்ட வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்து, Aa என்ற குறியைத் தொட்டு, Monostyled என்பதைத் தேர்வு செய்தால் எழுத்துரு மாறும். அந்த எழுத்துருவில் சுழியமும் ஓ எழுத்தும், எல் எழுத்தும் ஐ எழுத்தும் வேறுவேறு வடிவில் இருக்கும். தம்பி அப்படிப் பார்த்தபோது, முதலில் சுழியம், அடுத்து சிறிய எல், அதற்கடுத்துப் பெரிய ஐ என்று தெரிந்தது. இம்முறை மடிக்கணினி இணைந்துவிட்டது. வேலை முடிந்ததும் அந்தக் குறிப்பை அழித்துவிட வேண்டும். Notes செயலியில் விட்டுவைத்தால், இவ்வளவு சரிபார்ப்புக்குப் பின் கிடைத்த கடவுச்சொல் எந்தச் சரிபார்ப்பும் இல்லாத இடத்தில் கிடக்கும்.

## சரியாகப் படித்தும் இணையாவிட்டால்

எழுத்துகளைச் சரியாகப் படித்த பின்னும் இணையவில்லை என்றால், ஐபோன் காட்டுவது பழைய கடவுச்சொல்லாக இருக்கலாம். ஐபோன் ரூட்டரைக் கேட்டுச் சொல்வதில்லை. தன்னிடம் கடைசியாகச் சேமித்ததையே காட்டுகிறது. யாரேனும் ரூட்டரில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் அது ஐபோனுக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த ஐபோன் இப்போது அதே வைஃபையில் சரிக்குறியுடன் இணைந்திருந்தால் அது காட்டும் கடவுச்சொல் சரியானது. அருகில் இருந்தும் இணையாமல், Known Networks பட்டியலில் மட்டும் பெயர் இருந்தால் கடவுச்சொல் மாறியிருக்கக்கூடும்.

சில வைஃபைகளுக்கு Password வரியே இருக்காது. ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் உள்ள பொது வைஃபைகளில் முதலில் இணைந்து, பிறகு ஒரு வலைப்பக்கத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி பெறுவோம். அந்த ஓடிபி வைஃபை கடவுச்சொல் அன்று. வைஃபை பூட்டில்லாமல் திறந்தே இருக்கிறது. அதன் பின்னால் உள்ள வலைப்பக்கம்தான் நம்மை நிறுத்துகிறது. எனவே ஐபோனிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல்லும் வேறு. அதை இங்கே பார்க்க முடியாது. இங்கே தெரிவது வைஃபையில் இணைவதற்கான கடவுச்சொல் மட்டுமே.

## சரிபார்ப்பு காப்பதும் காக்காததும்

இந்தச் சரிபார்ப்பு ஒரு சூழ்நிலையில் நன்றாகக் காக்கிறது. பூட்டு திறந்த உங்கள் ஐபோன் மற்றவர் கையில் இருக்கிறது. அவருக்குப் பாஸ்கோடு தெரியாது. அவரால் கடவுச்சொல்லைப் பார்க்க முடியாது.

அவருக்குப் பாஸ்கோடு தெரியும் என்றால் இந்தக் காப்பு இல்லை. வீட்டிலும் விடுதி அறையிலும் பாஸ்கோடைச் சொல்லிக்கொடுப்பது நம்மிடையே வழக்கம். பாட்டு மாற்றவோ, படம் எடுக்கவோ சொல்லிக்கொடுத்த அந்த எண், சேமித்த எல்லா வைஃபைகளின் கடவுச்சொற்களையும் திறக்கும். அவற்றில் உங்கள் வீடு மட்டும் இருக்காது. உங்களை நம்பித் தங்கள் வைஃபையைத் தந்த நண்பர்கள், உறவினர்கள் வீடுகளும் இருக்கும்.

ஐஓஎஸ் 17.3 பதிப்பில், 2024 ஜனவரியில், Stolen Device Protection என்ற வசதி வந்தது. அதை இயக்கியிருந்தால், வீடு, பணியிடம் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே, சாவிக்கொத்தில் சேமித்த கணக்குக் கடவுச்சொற்களைப் பயன்படுத்த முகமோ விரலோதான் வேண்டும். பாஸ்கோடு மட்டும் போதாது. ஐபோனோடு பாஸ்கோடையும் எட்டிப்பார்த்துத் திருடியவர்களைத் தடுக்கவே இது வந்தது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கிடையே இது பெரிதாக எதையும் மாற்றாது. வீடு பழகிய இடம்தானே.

இன்னொரு சூழ்நிலை பலர் எண்ணிப் பார்க்காதது. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஓர் ஐபோன் தன் அருகில் உள்ள மற்றோர் ஐபோனுக்கு வைஃபை கடவுச்சொல்லைத் தானே அனுப்ப முடியும். இருவரின் தொடர்புப் பட்டியலிலும் மற்றவரின் ஆப்பிள் கணக்கு மின்னஞ்சல் இருக்க வேண்டும். இரண்டு கருவிகளிலும் வைஃபையும் புளூடூத்தும் இயங்க வேண்டும். விருந்தினர் உங்கள் வைஃபையைத் தேர்ந்தெடுத்ததும் உங்கள் திரையில் Share Password என்று வரும். தொட்டால் அவர் இணைந்துவிடுவார்.

அப்போது கடவுச்சொல் எவர் திரையிலும் தெரியவில்லை. அதனால் அதை அவருக்குச் சொல்லவில்லை என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் அது அவருடைய ஐபோனில் சேமிக்கப்பட்டுவிட்டது. ஐஓஎஸ் 16 முதல் அவர் தம் வீட்டுக்குப் போய், தம் முகத்தைக் காட்டி, உங்கள் கடவுச்சொல்லைப் பார்த்துக்கொள்ளலாம். கியூஆர் குறியீடும் அப்படித்தான். அதற்குள் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் வெறும் எழுத்துகளாக இருக்கின்றன:

```
WIFI:T:WPA;S:VEEDU;P:Veedu0lI25;;
```

இந்தக் குறியீட்டைப் படம் எடுத்து அனுப்புவதும் கடவுச்சொல்லை எழுதி அனுப்புவதும் ஒன்றே. ஐபோன் செய்யும் சரிபார்ப்பு, இந்தக் கருவியில் பதிவான ஆள் யார் என்பதைப் பார்க்கிறதே தவிர, இந்த வைஃபையின் கடவுச்சொல்லை அறியும் உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பார்ப்பதில்லை.

## கொடுத்த கடவுச்சொல்லைத் திரும்பப் பெறுதல்

வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கடவுச்சொல்தான். அதனால் ஒருவரிடமிருந்து மட்டும் அதைத் திரும்பப் பெற முடியாது. அறைத் தோழர் ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாலும், அவருடைய ஐபோனில் கடவுச்சொல் இருக்கும். தெருவில் நின்றாலும் அது தானாக இணையும். ரூட்டரில் கடவுச்சொல்லை மாற்றுவதே உறுதியான வழி.

அதற்கும் ஐபோனின் அதே பக்கம் உதவும். வைஃபைக்கு எதிரே உள்ள வட்டத்தைத் தொட்டுத் திறக்கும் பக்கத்தில், கீழே Router என்ற வரியில் 192.168.1.1 போன்ற ஓர் எண் இருக்கும். அதை உலாவியில் இட்டால் ரூட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே நுழைய ரூட்டரின் தனிக் கடவுச்சொல் வேண்டும். பல ரூட்டர்களில் அது அடிப்பக்கத்து ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். வைஃபை கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். மாற்றிய பின் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் புதிய கடவுச்சொல்லை ஒருமுறை இட வேண்டும். படிக்கும்போது குழப்பும் சுழியம், ஓ, எல், ஐ, ஒன்று ஆகியவற்றைத் தவிர்த்து வைத்தால் அடுத்த முறை வேலை எளிதாகும்.

அடிக்கடி விருந்தினர் வரும் வீடுகளில், ரூட்டரில் விருந்தினருக்கென்று தனி வைஃபை ஒன்றை அமைக்கலாம். பெரும்பாலான ரூட்டர்களில் அது Guest Network என்ற பெயரில் இருக்கும். அதன் கடவுச்சொல்லை அவ்வப்போது மாற்றினாலும் வீட்டுக் கருவிகள் எதுவும் துண்டிக்கப்படாது. விருந்தினரின் ஐபோனில் சேமிக்கப்படுவதும் அந்தத் தனி வைஃபையின் கடவுச்சொல்லாகவே இருக்கும்.